எத்தனை பேரில் 709?

அண்ணன் மகள் எம்.எஸ்சி நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் வகுப்பில் ஆளுக்கொரு ஆய்வுக்கட்டுரையைக் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் படித்து, ஒரே பக்கத்தில் ஐந்து கட்டம் போட்டு எழுதிவந்து வாசிக்க வேண்டும். என்ன கேட்டார்கள், எப்படித் தேடினார்கள், யாரிடம் தேடினார்கள், என்ன கிடைத்தது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம். அவளுக்குக் கிடைத்தது பழைய கட்டுரை ஒன்று. ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இருவர் எழுதி, 1950 செப்டம்பர் 30-ஆம் தேதி ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வந்தது. புகைபிடிப்பதையும் நுரையீரல் புற்றுநோயையும் பற்றியது.

“அத்தை, ஒரு தடவை பார்த்துக் குடுங்க. நாளைக்கு வாசிக்கணும்” என்று தாளை நீட்டினாள்.

நான் இருபது வருடம் மருத்துவப் புள்ளிவிவரத்தோடு குப்பை கொட்டியவள். அவள் எழுதியிருந்தது நான்கே வரி. புகைபிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வருமா என்பது கேள்வி. 709 நோயாளிகளிடம் விசாரித்தார்கள். அவர்களில் ஆண்களில் 99.7 சதவீதம் பேர் புகைபிடிப்பவர்கள். ஆகவே புகைபிடித்தால் புற்றுநோய் வரும் என்று நிரூபணமாகிவிட்டது. ஐந்தாவது கட்டத்தில் ‘மாதிரி அளவு போதாது, இன்னும் ஆய்வுகள் தேவை’ என்று போட்டிருந்தாள். எந்தக் கட்டுரைக்கும் பொருந்துகிற வாக்கியம் அது. சமையல் பிடிக்காவிட்டால் ‘உப்பு கொஞ்சம் குறைச்சல்’ என்று பொதுவாகச் சொல்லிவைப்போமே, அதைப் போல.

“எழுநூத்தி ஒன்பது பேருன்னு எழுதியிருக்கியே, எத்தனை பேருல எழுநூத்தி ஒன்பது?” என்று கேட்டேன்.

“அப்படின்னா?”

“ஆரம்பத்துல எத்தனை பேர் இருந்தாங்க? மிச்சம் பேர் எங்க போனாங்க?”

“709னுதான் அத்தை போட்டிருக்கு.”

“எங்க பார்த்த?”

“கடைசில, சம்மரில.”

அங்கேதான் எல்லாரும் பார்க்கிறார்கள். கட்டுரையின் சுருக்கம், எழுதியவர்களே தங்கள் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. அதைச் சுருக்கி எழுதினால் சுருக்கத்தின் சுருக்கம் கிடைக்கும்; கட்டுரையின் உள்ளே இருப்பது வெளியே வராது. அன்று ராத்திரி கட்டுரையை முதலிலிருந்து இரண்டு பேருமாகப் படித்தோம்.

கேள்வியிலேயே சிக்கல் இருந்தது. கட்டுரை எடுத்த எடுப்பில் புகையைப் பற்றிப் பேசவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நுரையீரல் புற்றுநோயால் 1922-ல் இறந்ததாகப் பதிவானவர்கள் 612 பேர். 1947-ல் அதுவே 9,287 ஆகிவிட்டது. எக்ஸ்ரே போன்ற வசதிகள் வந்ததால் நோய் அதிகமாகக் கண்ணில் படுகிறதா, அல்லது நோயே அதிகமாகிவிட்டதா என்று முதலில் விவாதிக்கிறார்கள். நோயே பெருகியிருந்தால் காரணம் என்ன? அன்றைக்குச் சந்தேகப்பட்டவை இரண்டு. ஒன்று காற்றில் கலந்த அழுக்கு: வண்டிப் புகை, தார் ரோட்டுத் தூசி, ஆலைப் புகை. இன்னொன்று புகையிலை. டாலுக்கே ஆரம்பத்தில் தார் ரோட்டின் மேல்தான் சந்தேகம் இருந்ததாகப் பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். ஆய்வு நடக்கும்போதே அவர் சிகரெட்டை விட்டுவிட்டார் என்பதும் உண்மை. சுவையான செய்திதான். ஆனால் கட்டுரையின் சாரத்தில் இதற்கு இடமில்லை. அவர் சிகரெட்டை விட்டதால் எண்கள் கூடுவதோ குறைவதோ கிடையாது.

இவ்வளவுக்கும் பிறகு அவர்கள் கேட்ட கேள்வி இவள் எழுதியதைவிட மிகச் சிறியது. நுரையீரல் புற்றுநோயாளிகளின் புகைப்பழக்கம் மற்ற நோயாளிகளின் புகைப்பழக்கத்திலிருந்து வேறுபடுகிறதா? அவ்வளவுதான். ‘புகைபிடித்தால் புற்றுநோய் வருமா’ என்பது அதற்கு அடுத்த படி. எழுதிய கேள்வி சரிதானா என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. கட்டுரையில் உள்ள அட்டவணைகளை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பேன். முடியாவிட்டால், கேள்வி கட்டுரையுடையது அல்ல, நம் தலையில் ஏற்கெனவே இருந்தது. இந்தக் கட்டுரையின் அட்டவணைகள் பழக்கங்களை ஒப்பிடுகின்றன. இன்னாருக்கு நோய் வரும் என்று அவை எங்கேயும் சொல்லவில்லை.

அடுத்தது, எப்படித் தேடினார்கள் என்பது. லண்டனில் 20 மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டார்கள்: நுரையீரல், இரைப்பை, பெருங்குடல், மலக்குடல் ஆகிய இடங்களில் புற்றுநோய் என்று யார் வந்து சேர்ந்தாலும் தகவல் சொல்லுங்கள். தகவல் வந்ததும் ஆல்மனர் என்று அன்று அழைக்கப்பட்ட மருத்துவமனை சமூகப் பணியாளர் ஒருவர் போய் நோயாளியிடம் பேசுவார். இதற்காகவே நான்கு ஆல்மனர்கள் இருந்தார்கள். எல்லாரிடமும் கேட்க ஒரே கேள்வித்தாள். நுரையீரல் புற்றுநோயாளி ஒருவரிடம் பேசி முடித்ததும், பொதுவாக அதே மருத்துவமனையில், புற்றுநோய் இல்லாத வேறொருவரைத் தேடுவார்கள். அவரும் ஆணென்றால் ஆண், பெண்ணென்றால் பெண், அதே ஐந்து வயது வட்டத்தைச் சேர்ந்தவர். அவரிடமும் அதே கேள்விகள். கேஸ்-கண்ட்ரோல் ஆய்வு என்பது இதுதான். நோய் வந்தவரையும் வராதவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, இரண்டு பேரின் கடந்த காலத்தையும் கேட்பது.

இந்த முறை எதைச் சொல்லாது என்பதையும் அதே கட்டத்தில் எழுத வேண்டும். நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஆய்வாளர்களே சரிக்குச் சரி எண்ணிக்கையில் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். அதனால் ‘புகைபிடிக்கும் நூறு பேரில் இத்தனை பேருக்கு நோய் வரும்’ என்று இந்தக் கட்டுரையிலிருந்து நேரடியாகக் கணக்குப் போட முடியாது. அப்படி ஒரு வரி யாருடைய சாரத்திலாவது இருந்தால் முறை புரியாமல் எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

‘புகைபிடிப்பவர்’ என்றால் யார் என்பதையும் அவர்கள் வரையறுத்திருக்கிறார்கள். ஒரு வருடமாவது நாளுக்கு ஒரு சிகரெட் பிடித்திருந்தால் அவர் புகைபிடிப்பவர். இதைச் சாரத்தில் எழுதாவிட்டால் பின்னால் வரும் சதவீதங்களை யாராலும் சரியாகப் படிக்க முடியாது. வரம்பு இவ்வளவு கீழே இருப்பதால்தான் ஏறக்குறைய எல்லா ஆண்களும் அந்தப் பெயருக்குள் வந்துவிடுகிறார்கள்.

இனி யாரிடம் என்ற கட்டம். சாரம் எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். என் கேள்வியைக் கேட்டுவிட்டு அவளிடம் கட்டுரையைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் உற்சாகமாக வந்தாள்.

“கண்டுபிடிச்சுட்டேன் அத்தை. 2,370-ல 709.”

அதுவும் தவறு. ஆனால் நல்ல தவறு. முதல் தடவை தேடிப் போகிறவர்கள் எல்லாரும் செய்வது. 2,370 என்பது மருத்துவமனைகள் தகவல் சொன்ன நோயாளிகளின் எண்ணிக்கை. அதில் நான்கு வகைப் புற்றுநோயும் கலந்திருக்கிறது. 709 என்பது கடைசியில் நுரையீரல் புற்றுநோய் என்று முடிவானவர்கள் மட்டும். இரண்டையும் வகுத்தால் வருவது எதனுடைய விகிதமும் அல்ல.

தாளை எடுத்து எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொன்னேன். தகவல் வந்தவர்கள் 2,370. அவர்களில் 150 பேர் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் என்பதால் நீக்கப்பட்டார்கள். 80 பேருக்கு, பேசப் போவதற்கு முன்பே, நோய் வேறு என்று தெரிந்துவிட்டது. மிச்சம் 2,140 பேர். இவர்களிடம் பேசியிருக்க வேண்டும். பேசியது 1,732 பேரிடம். பேச முடியாமல் போனவர்கள் 408. ஏன் முடியவில்லை என்பதையும் கட்டுரை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. 189 பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். 116 பேர் பேசும் நிலையில் இல்லை. 67 பேர் இறந்துவிட்டார்கள். 24 பேருக்குக் காது கேட்கவில்லை. 11 பேருக்கு ஆங்கிலம் சரியாகப் பேச வரவில்லை. மிச்சம் ஒரே ஒருவர். அவர் சொன்ன பதில்களை நம்பவே முடியாது என்று ஆல்மனர் பாதியில் எழுந்து வந்துவிட்டார்.

அந்த ஒரு மனிதரைப் படித்ததும் எனக்கு இந்தக் கட்டுரையின் மேல் ஒரு மரியாதை வந்தது. அவரைச் சத்தமில்லாமல் வேறு ஏதாவது கணக்கில் சேர்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கூட்டிப் பார்த்தோம்: 189, 116, 67, 24, 11, 1. மொத்தம் 408. கட்டுரைகளில் இந்தக் கூட்டல் உதைப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் 212 என்று இருப்பது அடுத்த பக்கத்து அட்டவணையில் 207 ஆகியிருக்கும். ஐந்து பேர் எங்கே போனார்கள் என்று ஒரு வார்த்தை இருக்காது. சாரம் எழுதுகிறவர் வேறு எதையும் சரிபார்க்காவிட்டாலும் இந்த ஒரு கூட்டலைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். பேனாவும் ஐந்து நிமிடமும் போதும்.

ஆகவே ‘எத்தனை பேரில்’ என்ற கேள்விக்குச் சரியான பதில் 2,140-ல் 1,732. சுமார் 81 சதவீதம். ‘நுரையீரல் புற்றுநோயாளிகளில் மட்டும் எத்தனை சதவீதம்’ என்று கேட்டால் இந்த எண்களிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. நான்கு வகையும் கலந்தே எண்ணப்பட்டிருக்கிறது. அதையும் அப்படியே எழுதச் சொன்னேன். கட்டத்தில் இட்டு நிரப்ப எண் இல்லாவிட்டால், இல்லை என்று எழுதுவதும் ஒரு பதில்தான்.

கடைசியில் ஒப்பிட்டது 709 பேரை 709 பேரோடு. இரண்டு பக்கமும் 649 ஆண்கள், 60 பெண்கள்.

என்ன கிடைத்தது என்பதற்கு வருவோம். 99.7 சதவீதம் என்று அவள் எழுதியது பொய்யில்லை. புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைபிடிக்காதவர்கள் இரண்டே பேர். ஆனால் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தால், புற்றுநோய் இல்லாத 649 ஆண்களிலும் 95.8 சதவீதம் பேர் புகைபிடிப்பவர்கள்தான். அன்றைய லண்டன் ஆண்கள் அப்படி. ஒரு பக்கத்துச் சதவீதத்தை மட்டும் எழுதுவது, கிரிக்கெட்டில் ஒரே அணியின் ஸ்கோரைச் சொல்லிவிட்டு ஜெயித்தாயிற்று என்பதைப் போல. 99.7-ஐயும் 95.8-ஐயும் பக்கத்தில் வைத்தால் ‘இவ்வளவுதானா வித்தியாசம்’ என்று தோன்றும். திருப்பிப் போட்டுப் புகைபிடிக்காதவர்களை எண்ணினால் ஒரு பக்கம் 2, மறுபக்கம் 27. அப்போது வித்தியாசம் கண்ணில் அறைகிறது. பெண்களில் புகைபிடிக்காதவர்கள் புற்றுநோய்ப் பக்கம் 19, எதிர்ப்பக்கம் 32. திசை அதேதான், எண்கள் சிறியவை.

ஆனாலும் கட்டுரையின் உயிர் இந்த அட்டவணையில் இல்லை. பிடித்தார்களா, இல்லையா என்பதை விட்டு, நோய் தொடங்குவதற்குச் சற்று முன் நாளுக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று ஆண்களைப் பிரித்துக் காட்டும் அட்டவணையில்தான் இருக்கிறது. பைப்பில் பிடிப்பவர்களின் புகையிலையையும் சிகரெட் கணக்குக்கு மாற்றியிருக்கிறார்கள்.

| நாளுக்கு எத்தனை சிகரெட் | நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்கள் | மற்ற நோயாளிகள் |
|---|---|---|
| புகைபிடிக்காதவர்கள் | 2 | 27 |
| 1–4 | 33 | 55 |
| 5–14 | 250 | 293 |
| 15–24 | 196 | 190 |
| 25–49 | 136 | 71 |
| 50-ம் அதற்கு மேலும் | 32 | 13 |

மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பாருங்கள். முதல் மூன்று வரியில் இடது பக்கம் குறைவு. நான்காவது வரியில் ஏறக்குறைய சமம். அதற்குக் கீழே இடது பக்கம் இரு மடங்குக்குப் போய்விடுகிறது. பிடிக்கும் அளவு ஏற ஏறத் தராசு சாய்கிறது, நடுவில் எங்கேயும் திரும்பவில்லை. கண்டறிந்தது என்ற கட்டத்தில் ஒரே ஒரு வரிதான் எழுதலாம் என்றால் இதைத்தான் எழுத வேண்டும்.

கட்டுரையின் சுருக்கத்தில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. நாளுக்கு 25-ம் அதற்கு மேலும் பிடிப்பவர்களுக்கு ஆபத்து, பிடிக்காதவர்களைப் போல 50 மடங்காக இருக்கலாம் என்கிறார்கள். செய்தித்தாளில் தலைப்பாக வரக்கூடிய எண். அதை அப்படியே எடுத்து எழுதுவதற்கு முன் அட்டவணையிலிருந்து நாமே போட்டுப் பார்க்கலாம். 25-க்கு மேல் பிடிப்பவர்கள் இடது பக்கம் 136-ம் 32-ம் சேர்ந்து 168. வலது பக்கம் 71-ம் 13-ம் சேர்ந்து 84. புகைபிடிக்காதவர்கள் இடது பக்கம் 2, வலது பக்கம் 27. 168-ஐ 27-ஆல் பெருக்கி, 84-ஐ 2-ஆல் பெருக்கி, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 27 வருகிறது.

“அவங்க 50ன்றாங்க, நமக்கு 27 வருது. அவங்க தப்பா?” என்று கேட்டாள்.

தப்பில்லை. அவர்கள் வேறு கணக்குப் போட்டிருக்கிறார்கள். 45 வயதுக்கு மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டு, மற்ற நோயாளிகளின் பழக்கம்தான் லண்டன் மக்களின் பழக்கம் என்று வைத்துக்கொண்டு, மக்கள்தொகைக்கு விரித்துப் பார்த்த எண் அது. ஆனால் இரண்டு கணக்கும் உட்கார்ந்திருப்பது அந்த இரண்டு ஆண்களின் மேல். புகைபிடிக்காமலே புற்றுநோய் வந்தவர்கள் இரண்டுக்குப் பதில் நான்கு பேர் இருந்திருந்தால் நம் 27 பாதியாகி 13-க்கும் 14-க்கும் நடுவில் வந்திருக்கும். ஒருவராக இருந்திருந்தால் இரு மடங்காகி 54-க்குப் போயிருக்கும். ஆகவே ‘அளவு கூடக்கூட ஆபத்து கூடுகிறது’ என்பது உறுதியான முடிவு. ‘50 மடங்கு’ என்பது ஆடும் நாற்காலி. இந்த இரண்டையும் சாரத்தில் ஒரே குரலில் எழுதக் கூடாது. எழுதியவர்களே ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். எடுத்தெழுதுகிறவர்கள்தான் அந்தச் சொல்லைத் தொலைத்துவிடுகிறார்கள்.

ஐந்தாவது கட்டத்துக்கு நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். குறை என்று எதை எழுதினாலும், அந்தக் குறை முடிவை எந்தப் பக்கம் தள்ளும் என்பதையும் எழுத வேண்டும். திசை சொல்ல முடியாத குறையை அப்படி ஒப்புக்கொண்டு எழுதலாம். சும்மா ‘குறை உண்டு’ என்று போடக் கூடாது.

முதலில் அவள் பிடித்தது ஆல்மனர்களை. எதிரே இருப்பவருக்கு என்ன நோய் என்பது பேசப் போகும்போதே அவர்களுக்குத் தெரியும். புற்றுநோய் என்று தெரிந்தால் ‘நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, இன்னும் கூடப் பிடிச்சிருப்பீங்களே’ என்று தங்களை அறியாமலே அழுத்திக் கேட்டிருக்கலாம். இந்தக் குறை வித்தியாசத்தைப் பெரிதாக்கிக் காட்டும். முடிவையே கவிழ்க்கக் கூடியது. இதோடு நிறுத்தியிருந்தால் விமர்சனம் நன்றாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் கட்டுரைக்குள்ளேயே பதில் இருக்கிறதா என்று தேடாமல் குற்றம் சாட்டுவது நியாயம் இல்லை.

பதில் இருந்தது, அதுவும் எதிர்பாராத இடத்தில். நுரையீரல் புற்றுநோய் என்று ஆல்மனர்கள் நம்பிப் பேசிய நோயாளிகளில் சுமார் இருநூறு பேருக்குப் பிறகு அது நுரையீரல் புற்றுநோய் இல்லை என்று தெரியவந்தது. மருத்துவமனைகளிலிருந்து இறுதி முடிவு வந்த பிறகுதான் இது தெரியும். ஆல்மனர்களின் அழுத்தம்தான் வித்தியாசத்துக்குக் காரணம் என்றால் இந்த இருநூறு பேரும் கனமாகப் புகைபிடிப்பவர்களாகப் பதிவாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அவர்களுடைய பழக்கம் மற்ற சாதாரண நோயாளிகளின் பழக்கத்தைப் போலவே இருந்தது. யாரும் திட்டமிடாமல், டாக்டர்கள் நோயைத் தவறாகக் கணித்ததாலேயே கிடைத்த சோதனை இது. எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். இதைப் போல அழகான ஒன்றை அதிகம் பார்த்ததில்லை. பதில்கள் நம்பகமானவையா என்று பார்க்க 50 நோயாளிகளிடம் மாதங்கள் கழித்து மறுபடி கேட்டும் இருக்கிறார்கள். சின்னச் சின்ன மாற்றங்கள் இருந்தன, ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் அளவுக்கு இல்லை.

இரண்டாவது, ஒப்பிட எடுத்தவர்களும் மருத்துவமனையில் கிடப்பவர்கள்தான் என்பது. நெஞ்சு நோய், இதய நோய் என்று வந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். அந்த நோய்களுக்கும் புகைக்கும் தொடர்பு இருந்தால், எதிர்ப்பக்கத்தில் ஊர் வழக்கத்தைவிட அதிகம் புகைபிடிப்பவர்கள் சேர்ந்திருப்பார்கள். அப்போது வித்தியாசம் உண்மையைவிடச் சிறிதாகத்தான் தெரியும். இது கட்டுரைக்கு எதிரான குறையல்ல. முடிவை இன்னும் உறுதியாக்கும் குறை. திசையை எழுதச் சொன்னது இதற்காகத்தான். ‘ஒப்பீட்டுக் குழு சரியில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால் படிப்பவர் நேர் எதிராகப் புரிந்துகொள்வார்.

மூன்றாவது அந்த 408 பேர். அவர்களில் 183 பேர் இறந்தவர்கள் அல்லது பேச முடியாத நிலையில் இருந்தவர்கள். அதிகம் புகைபிடித்தவர்கள்தான் சீக்கிரம் இறந்தார்களா? தெரியாது. திசை சொல்ல முடியாத குறை இது, அப்படியே எழுதினாள்.

கடைசியாக ஒன்று, எண்ணில் இல்லாதது. தொடர்பு இருக்கிறது என்று காட்டியபின் அவர்கள் காரணத்துக்குத் தாவும் இடம். நோய் வந்ததால் பழக்கம் வந்திருக்க முடியாது, ஏனென்றால் பழக்கம்தான் முந்தியது என்கிறார்கள். அது சரி. இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது காரணம் ஏதாவது இருக்குமா என்று கேட்டுக்கொண்டு, அப்படி ஒன்று தங்களுக்குத் தோன்றவில்லை என்கிறார்கள். அது தரவு அல்ல, அவர்களுடைய தீர்ப்பு. அதன் மேல்தான் ‘புகைபிடிப்பது இந்த நோய்க்கு ஒரு காரணி, முக்கியமான காரணி’ என்ற முடிவு நிற்கிறது. இன்றைக்கு நமக்கு விடை தெரியும் என்பதால் இந்தத் தாவல் கண்ணில் படாமல் போகும். சாரத்தில் எழுத வேண்டியது 1950-ல் அவர்கள் கையில் என்ன இருந்தது என்பதை மட்டும். பிறகு அவர்களே ஆயிரக்கணக்கான டாக்டர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து எழுதியவை வேறு கட்டுரைகள், வேறு தாள்.

ராத்திரி பதினொன்றரைக்கு அவள் தாள் இப்படி ஆகியிருந்தது.

கேள்வி: நுரையீரல் புற்றுநோயாளிகளின் புகைப்பழக்கம் மற்ற நோயாளிகளுடையதிலிருந்து வேறுபடுகிறதா?

முறை: கேஸ்-கண்ட்ரோல். லண்டனில் 20 மருத்துவமனைகள். நான்கு ஆல்மனர்கள், ஒரே கேள்வித்தாள். பால், வயது, மருத்துவமனை பொருத்தி எடுத்த ஒப்பீடு. நோய் வரும் வாய்ப்பை நேரடியாகச் சொல்லாது.

யாரிடம்: நான்கு வகைப் புற்றுநோயிலும் பேச வேண்டியவர்கள் 2,140, பேசியது 1,732 (81 சதவீதம்). ஒப்பிட்டது 709-க்கு 709. நுரையீரலுக்கு மட்டும் எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பது தனியாக இல்லை.

கண்டறிந்தது: ஆண்களில் புகைபிடிக்காதவர்கள் 2-க்கு 27, நாளுக்கு 25-க்கு மேல் பிடிப்பவர்கள் 168-க்கு 84. அளவு கூடக்கூட வித்தியாசம் சீராக ஏறுகிறது. ‘50 மடங்கு’ எழுதியவர்களின் மதிப்பீடு. மிகச் சிறிய எண்ணின் மேல் நிற்பது.

எவ்வளவு நம்பலாம்: கேட்டவர்களுக்கு நோய் தெரியும் (வித்தியாசத்தைப் பெரிதாக்கும், தவறாகக் கணிக்கப்பட்டவர்களை வைத்து மறுக்கப்பட்டிருக்கிறது). ஒப்பீட்டுக் குழுவும் நோயாளிகள் (சிறிதாக்கும்). 408 பேர் விடுபட்டது (திசை தெரியாது). தொடர்பு உறுதி, காரணம் என்பது எழுதியவர்களின் தீர்ப்பு.

மூடிவைக்கப் போனவள் மறுபடி ஒரு பக்கத்தைப் புரட்டினாள். “அத்தை, இதைப் பாருங்க. புகையை உள்ள இழுக்கிறீங்களான்னு கேட்டிருக்காங்க. புற்றுநோய் உள்ளவங்கள்ல 61.6 சதவீதம் பேர் இழுக்கறேன்னு சொல்றாங்க. மத்தவங்கள்ல 67.2. தலைகீழா இருக்கே! உள்ள இழுக்கறவங்களுக்குத்தானே அதிகமா வரணும்?”

“ஆமா.”

“இதை எழுதணுமா? முடிவுக்கே எதிரா இருக்கே.”

“அதுக்காகத்தான் எழுதணும்.”

புள்ளியியலின் பெரிய தலையான ரொனால்ட் ஃபிஷர் 1950-களின் பிற்பகுதியில் டாலையும் ஹில்லையும் எதிர்த்துக் கிளம்பியபோது கையில் எடுத்த ஆயுதங்களில் இந்த எண்ணும் ஒன்று. அவர் பைப் பிடிப்பவர். பழக்கத்துக்கும் நோய்க்கும் பொதுவாகப் பரம்பரைக் காரணம் ஒன்று இருக்கலாம் என்றார்; அதாவது ‘தோன்றவில்லை’ என்று இவர்கள் விட்ட அந்த இடத்திலேயே போய் நின்றார். முடிவில் ஃபிஷர் தோற்றார். ஆனால் அவர் கைநீட்டிய எண், டாலும் ஹில்லும் ஒளிக்காமல் தங்கள் கட்டுரையிலேயே அச்சிட்டிருந்தது.

கண்டறிந்தது என்ற கட்டத்தில் இடமில்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில் 61.6, 67.2 என்று எழுதி அம்புக்குறி போட்டு உள்ளே நுழைத்தாள். மறுநாள் சாயங்காலம் போன் செய்தாள். வாசித்து முடித்ததும் மேடம் கேட்ட முதல் கேள்வியே அந்த ஓரத்து எண்ணைப் பற்றித்தானாம்.